பின்வரிசை முன்வரிசையான காலை

கமருன்னிஸாவுக்கு நாற்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். திருவிடைமருதூர்ப் பக்கத்து நடுநிலைப்பள்ளி ஒன்றில் இருபது வருடமாக அறிவியல் நடத்துகிறவருக்கு, பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் கரையில் இத்தனை பறவைகள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் நத்தைகுத்தி நாரை ஒன்று வயலில் நின்று நத்தையை உடைத்துத் தின்பதைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இங்கே அழைத்து வர வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

தலைமை ஆசிரியை மங்களாம்பிகை உடனே சரி என்று சொல்லவில்லை. "நாப்பது புள்ளைங்க, கமரு டீச்சர். தண்ணிப் பக்கம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா?"

"எதெது ஆகும்னு எழுதிட்டு வர்றேன், மேடம். படிச்சுட்டு சொல்லுங்க."

பிள்ளைகள் கேட்டது காவிரிக் கரையை. உடற்கல்வி ஆசிரியர் வளவனும் கமருன்னிஸாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்து பார்த்தார்கள். மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது, ஆழம் தெரியவில்லை. அந்த வழியை அங்கேயே விட்டார்கள். வாய்க்கால் கரை இரண்டு கிலோமீட்டர். எங்கே நின்றாலும் பத்து நிமிடத்தில் தார்ச்சாலையை எட்டிவிடலாம், ஆட்டோ வரும். அதுவே முதல் வழி என்று தீர்மானமாயிற்று. மழையோ சேறோ என்றால் மாற்று வழியாகக் குளத்துக்குப் போகும் வண்டிப்பாதை. அதையும் முழுக்க நடந்து பார்த்தார் கமருன்னிஸா. "போகாத வழிக்கு எதுக்கு டீச்சர் இந்த வெயில்ல?" என்றார் வளவன். கமருன்னிஸா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

மங்களாம்பிகை படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுப் பெற்றோருக்கு அனுப்பிய கடிதத்தில் இரண்டு வழிகளும் இருந்தன. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர்: இரண்டு ஆசிரியர்கள், இரண்டு தாய்மார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. முன்னால் போகிறவரைத் தாண்டக்கூடாது, கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் நிற்கக்கூடாது. தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. ஒரு விசில் கேட்டால் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு கேட்டால் திரும்பி நிற்க வேண்டும். இதைப் பள்ளி மைதானத்தில் மூன்று நாள் பழக்கினார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்தார்கள்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, காலை ஏழே கால். சம்பா அறுவடைக்கு நின்றது. கமருன்னிஸா முன்னால், வளவன் கடைசியில். மூச்சிழுப்பு உள்ள சுமையா தன் மருந்து பம்போடு டீச்சரை ஒட்டியே நடந்தாள். முதல் மதகில் எண்ணினார்கள், நாற்பது. மீன்கொத்தி ஒன்று பாய்ந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

இரண்டாவது மதகுக்கு முன்னால் தங்கையன் எதிரே வேகமாக வந்தார். கரையை ஒட்டிய வயல் அவருடையது.

"டீச்சர், அங்க போவாதீங்க. அந்த ஒத்தப் பனையில கதண்டு கூடு கட்டியிருக்கு. ராத்திரி காத்துல மட்டை விழுந்து கூடு பாதி பிஞ்சு கெடக்கு. மேல சுத்திக்கிட்டே இருக்குதுங்க."

கதண்டு என்கிற அந்த விஷக் குளவி கூட்டமாகக் கொட்டினால் பெரிய ஆளே பிழைப்பது கஷ்டம். கமருன்னிஸா பனையைப் பார்த்தார். நூறு அடி தூரம் இருக்கும். மூன்று நாளைக்கு முன்புதான் அதன் அடியில் நடந்து போயிருந்தார். பாம்பு, சேறு, வழுக்கல் என்று தரையையே பார்த்தவர் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

ஒரு விசில், மெதுவாக ஊதினார். வரிசை நின்றது.

"யாரும் ஓடக்கூடாது, சத்தம் கூடாது. கல்லு, குச்சி எதுவும் எடுக்கக்கூடாது. நம்ம குளத்து வழியா போறோம்."

"மிஸ், என்ன மிஸ் அங்க?" என்றாள் சுமையா.

"கதண்டு. அது அங்க இருக்கட்டும், நாம இங்கேருந்து போயிடலாம்."

இரண்டு விசில். நாற்பது பேரும் நின்ற இடத்திலேயே திரும்பினார்கள். யாரும் யாரையும் தாண்டவில்லை. கடைசியில் இருந்த வளவன் முன்னாலானார். கமருன்னிஸா கடைசியில், பனைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில். சுமையாவைத் தனக்கு முன்னால் நடக்கவிட்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே வந்தார். முதல் மதகில் எண்ணினார்கள், நாற்பது. அங்கிருந்து தீயணைப்பு நிலையத்துக்கும் தலைமை ஆசிரியைக்கும் போன் செய்தார். அந்தப் பக்கம் ஆள் போகாமல் பார்த்துக்கொள்ளத் தங்கையன் கரையிலேயே நின்றுகொண்டார்.

குளத்துத் தண்ணீரில் நெற்றியில் வெள்ளை நாமம் உள்ள நாமக்கோழிகள் குஞ்சுகளோடு நீந்தின. கரையில் உட்கார்ந்து பிள்ளைகள் ஆளுக்கொரு பறவையை வரைந்தார்கள். ஒன்பதரைக்குத் திரும்ப வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சினார்கள். கமருன்னிஸா சம்மதிக்கவில்லை.

பள்ளி வாசலில் மங்களாம்பிகை தானே ஒரு முறை எண்ணினார். "எல்லாரும் வந்துட்டாங்க," என்று சொல்லி மூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பயந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"ரொம்ப, மேடம். நான் மேல பாக்கவே இல்ல."

மங்களாம்பிகை டீச்சரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சத்துணவுக் கூடத்தில் பொங்கல் ஆவி பறக்க இருந்தது. சுமையா தான் வரைந்த நாமக்கோழியின் கால் இவ்வளவு நீளமா என்று கேட்க, இலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கமருன்னிஸா அந்தப் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நீளம்தான், ஆனால் விரல்கள் சரி என்றார். அவருக்கு நல்ல பசி.