சாய்வெழுத்தை அழித்தவள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். ஆங்கிலம் அத்தனை தெரியும் என்பதற்காக வைத்த பெயர்தான். ஆனால் அகராதி பிடித்தவள் என்று நாங்கள் முணுமுணுப்பதற்கும் அதுவே வசதியாகப் போயிற்று. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ள மாட்டாள்.

வேலை இதுதான். ஆய்வாளர்கள் யாரையாவது பேட்டி எடுத்து ஒலிப்பதிவை அனுப்புவார்கள். பேசுகிறவர் எப்படிப் பேசினாரோ அப்படியே, இழுப்பு முனகல் உட்பட, நான் தமிழில் தட்டச்சு செய்வேன். டென்ஷன் என்றால் டென்ஷன், பீல் பண்ணினேன் என்றால் பீல் பண்ணினேன். பிறகு அதை ஆங்கிலத்துக்கு மாற்றுவார்கள். மாற்றியதை அகராதி ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பாள். சரிபார்ப்பவருக்கு ஜன்னலோரம் தனி மேசை. அவள் கையெழுத்து விழாமல் ஒரு பக்கம்கூட வெளியே போகாது. அந்த மேசைக்காக அவள் உயிரையே விடுவாள்.

தன் ஓரகத்தியை அலுவலகத்துக்குக் கூட்டிவந்ததும் அவளேதான். கொழுந்தன் மனைவி வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், நாலு காசு பார்க்கட்டும் என்ற பெரிய மனது. கூட்டிவந்த நாளில், "இவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொல்லிக் குடுத்துக்கறேன்" என்று எல்லோரிடமும் சொன்னாள். அதில்தான் வினை. ஒன்றும் தெரியாதவளாகவே ஓரகத்தி இருந்திருந்தால் இவர்களைப் போல ஒற்றுமையான ஓரகத்திகள் இருந்திருக்க மாட்டார்கள்.

நோயில் படுத்துவிட்ட பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களின் பேட்டிகள் வந்தன. அனுப்பிய ஆய்வாளர் மேடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பேசுகிறவர் தன் வாயால் சொன்ன ஆங்கில வார்த்தைகளை, மொழிபெயர்ப்பில் சாய்வெழுத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எது தமிழில் சொன்னது, எது ஆங்கிலத்திலேயே சொன்னது என்று படிக்கிறவருக்குத் தெரியாமல் போய்விடும். தேவைப்பட்டால் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதலாம். பேட்டி கொடுத்த ஒருவர் "அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போறேன்" என்றிருந்தார். அகராதியாக இருந்தால் அழகான ஆங்கில வாக்கியமாக்கி முடித்திருப்பாள். ஓரகத்தி அந்த வார்த்தையைச் சாய்த்து வைத்து, பல வருஷமாக வாய் திறக்காமல் பொறுத்துப்போவதை இவர் இப்படிச் சொல்கிறார் என்று கீழே எழுதினாள். மாதிரிக்கு அனுப்பிய பக்கங்களைப் பார்த்த மேடம், இதைச் செய்தது யார் என்று கேட்டு ஓரகத்தியைத் தனியாகப் பாராட்டினார். போதாததற்கு மேலாளரும், இந்த வேலை முடிந்ததும் சரிபார்ப்பு மேசையில் யார் உட்காருவது என்று யோசிக்க வேண்டும் என்றார். அகராதி காதில் விழும்படியே சொன்னார்.

அன்றிலிருந்து அகராதிக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் சாப்பிடும்போது அவள் புருஷன் வேறு, "தம்பி பொண்டாட்டி கெட்டிக்காரிதான்" என்று சொல்லித் தொலைத்தாராம். மறுநாள் வந்ததும் வராததுமாக அதை என்னிடம் சொன்னாள்.

"பதினஞ்சு வருஷமா இங்கிலீஷ் எழுதறேன். என்னைப் பாத்து ஒரு நாள் அப்படிச் சொன்னதில்ல. இவ என்ன எழுதறா? அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே தூக்கி வெக்கறா. இதுக்குப் பேரு மொழிபெயர்ப்பா?"

"மேடம் அப்படித்தானேக்கா கேட்டிருக்காங்க?"

"நீ டைப் பண்ற வேலையைப் பாரு."

பார்த்தேன். பார்க்கும்போது ஜன்னலோர மேசையும் கண்ணில் பட்டது. ஓரகத்தி செய்த பேட்டிகளை அகராதி திறந்து வைத்துக்கொண்டு, சாய்ந்திருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். குறிப்புகளை நீக்கினாள். வாக்கியங்களை இழைத்து வழவழப்பாக்கினாள். என்ன மாற்றினோம் என்று ஓரத்தில் காரணம் எழுதுவது சரிபார்ப்பவர் கடமை. ஒரு காரணமும் எழுதவில்லை. என்னக்கா செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "குப்பை கூட்டறேன்" என்றாள். பக்கங்கள் அப்படியே மேடத்துக்குப் போயின.

அடுத்த வாரம் மேடம் நேரிலேயே வந்துவிட்டார். கூட்ட அறையில் எல்லோரையும் உட்கார வைத்து, ஒரு பக்கத்தைப் படித்தார். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் பேட்டி. அதை நான்தான் தட்டச்சு செய்தேன், அவள் பேச்சு எனக்கு நினைவிருந்தது. "குளிப்பாட்டறது, மருந்து குடுக்கறது எல்லாம் நான்தான். அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. சில நாள்... ஐ ஹேட் ஹிம். அப்புறம் போய்ச் சாப்பாடு ஊட்டுவேன்." மேடம் கையிலிருந்த பக்கத்தில் எல்லாம் ஒரே ஆங்கிலமாக ஓடியது.

"நான் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன்" என்றார் மேடம். "அந்தப் பொண்ணு பேட்டி முழுக்கத் தமிழ்லதான் பேசறா. இந்த மூணு வார்த்தைக்கு மட்டும் இங்கிலீஷுக்குப் போறா. பெத்த அப்பாவைப் பத்தி அதைத் தமிழ்ல சொல்ல அவளுக்கு வாய் வரல. என் ஆராய்ச்சியே அதுதான். இங்க அது எங்க போச்சு?"

மேலாளர் நெளிந்தார். "சின்ன மிஸ்கம்யூனிகேஷன் மேடம். சரி பண்ணிடலாம்."

"இது யார் செஞ்ச பேட்டி?"

ஓரகத்தி எழுந்தாள். அகராதியை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, அதுதான் பிரச்சினை. "நான்தான் மேடம். ஃபார்மேட்டிங்ல மிஸ் ஆயிடுச்சு போல. சாரி."

மேடம் முகம் சுருங்கியது. இவளைப் போய்ப் பாராட்டினோமே என்று நினைத்திருப்பார். மேலாளர் பெருமூச்சு விட்டார். ஜன்னலோர மேசை அகராதிக்கே என்று அந்த நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

அவளால் முடியவில்லை. அவளை எனக்குத் தெரியும், அது நியாய உணர்ச்சி இல்லை. ஓரகத்தி வேலையிலும் கெட்டிக்காரி, மனசிலும் பெரியவள் என்று ஆகிவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் இவள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? வீட்டுக்குப் போய் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டுமே.

"அவ பொய் சொல்றா" என்றாள். "அவ சரியாத்தான் செஞ்சிருந்தா. நான்தான் அழிச்சேன்."

"மிஸ்டேக்கா நடந்திருக்கும்" என்றார் மேலாளர், அவசரமாக.

"மிஸ்டேக் இல்ல. பொறாமை. இவ மேல எனக்குப் பொறாமை."

அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஓரகத்தியின் கண் நிறைந்துவிட்டது. "அக்கா, விடுங்க" என்று கையைப் பிடித்தாள். அகராதி உதறினாள்.

மேலாளருக்குத்தான் தாங்கவில்லை. "ஏம்மா, ஒரு சாரி சொல்லியிருந்தா போதுமே. இப்படியா பேசுவாங்க?"

"சாரியை அவ சொல்லிட்டா சார். எனக்கு மிச்சம் இருந்தது இதுதான்."

ஜன்னலோர மேசை ஓரகத்திக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பேருந்தில்தான் போனார்கள். ஒரே வீடு, வேறு வழியில்லை. முன் இருக்கையில் ஒருத்தி, பின் இருக்கையில் ஒருத்தி.

இப்போது அகராதி செய்யும் பேட்டிகளை ஓரகத்தி சரிபார்க்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் பேசினவரின் ஆங்கிலம் சாய்ந்து நிற்கிறது, குறிப்புகள் பளிச்சென்று இருக்கின்றன. அகராதி திருந்திவிட்டாள் என்று மேடம் மெச்சினார். திருந்துவதாவது ஒன்றாவது. தன் பக்கத்தில் ஓரகத்தி கையால் ஒரு திருத்தக் கோடு விழக்கூடாது என்று ஒலிப்பதிவை மூன்று தரம் போட்டுக் கேட்கிறாள். பக்கங்கள் கோடில்லாமல் திரும்பி வரும் நாட்களில், "பாக்காமயே அனுப்பறா போல" என்று என்னிடம் குறைப்படுகிறாள்.