அக்காவுக்குக் கிடைத்த சின்னம்

தொண்ணூறுகளில் பெண்களுக்கு ஒதுக்கீடு வந்ததும், தாடிக்கொம்புக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் என் அக்கா பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நின்றாள். நான் திண்டுக்கல்லில் நோட்டீஸ் அச்சடிக்கும் கடை வைத்திருந்தேன். அதனால் பேச்சு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் விழுந்தது!

அக்காவுக்குத் திக்குவாய். எல்லா எழுத்திலும் திக்காது. சொல் பகரத்திலோ ககரத்திலோ தொடங்கினால் உதடும் தொண்டையும் பூட்டிக்கொள்ளும். ம, ந, வ என்றால் வழுக்கிக்கொண்டு வரும். ஆகவே குடிநீரை ‘நல்ல தண்ணி’ ஆக்கினேன். பாதை ‘ரோடு’ ஆனது. பஞ்சாயத்தையே தூக்கிவிட்டு ‘நம்ம ஊரு’ என்று போட்டேன். நீண்ட வாக்கியங்களை மூச்சுக்கு ஒன்றாக நறுக்கினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சின்னத்தைக்கூட ஓசை பார்த்துத்தான் கேட்டோம். மற்றவர்கள் படம் பார்த்துக் கேட்டார்கள். நாங்கள் வாளி, மூக்குக் கண்ணாடி, மேசை விளக்கு என்று எழுதிக் கொடுத்தோம். மூன்றுக்கும் போட்டி. குலுக்கலில் மூன்றும் கைவிட்டுப் போயின. எங்களுக்கு வந்தது பூட்டு சாவி. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. சின்னத்துக்கு மாற்றுச் சொல் கிடையாது; அதைச் சொல்லாமல் ஓட்டுக் கேட்கவும் முடியாது.

ஒரு வாரம் பழகினோம். ‘நம்ம’ என்று இழுத்து, அந்த மூச்சு அறுவதற்குள் உதட்டை அழுத்தாமல் லேசாகத் தொட்டு, ‘நம்மபூட்டு’ என்று ஒரே சொல்லாக. வீட்டில் பத்துக்கு எட்டு முறை வந்தது.

கூட்டத்தன்று நல்ல தண்ணியும் ரோடும் அருமையாக ஓடின. கடைசியில், “நம்ம சின்னம்...” என்றாள். மூச்சு அங்கேயே அறுந்தது. “ப்... ப்...” மைக் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. முன்னால் ஒருவன் சிரித்தான். அவனை அறையலாம் போல இருந்தது எனக்கு.

அக்கா நிமிர்ந்தாள். “எனக்கு இந்த எழுத்து சிக்கும். சின்ன வயசுலருந்தே அப்படித்தேன். எல்லாரும் சேந்து சொல்லுங்க, நானும் சொல்றேன்.”

“பூட்டு சாவி!” என்று பெண்கள் முழங்கினார்கள். அவர்கள் குரலோடு குரலாக அக்காவும் சொன்னாள், ஒரு சிக்கல் இல்லாமல்! இரண்டாம் முறை இன்னும் சத்தம். மூன்றாம் முறை கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டுத் தனியாகச் சொன்னாள்: “ப்... பூட்டு சாவி.” திக்கத்தான் செய்தது. சிரித்தவன் உட்பட எல்லாரும் கைதட்டினார்கள்.

மேடையை விட்டு இறங்கி ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏலே, அடுத்த கூட்டத்துக்கு ப... பஞ்சாயத்துன்னே எழுது. நான் நிக்கிறது அதுக்குத்தானே? சிக்குனா சிக்கட்டும், சனங்க செத்த நேரம் நிப்பாக!”

எழுதினேன். நின்றார்கள். ஜெயித்தாள்.