யார் எடுத்த படம்?

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஆறு வருடம் இருந்தேன். மற்றவர்கள் ஆசையாகச் செய்துகொண்டு வருவதை வேண்டாம் என்று சொல்வதுதான் என் வேலை. விளம்பரம் அச்சுக்குப் போகுமுன் அதிலிருக்கும் படம் யாருடையது, எழுத்துருவை வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாமா, பின்னணி இசைக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் வருவதைப் பார்த்தாலே டிசைனர்களுக்கு டீ குடிக்கத் தோன்றிவிடும்.

கணவருக்கு நெய்வேலியில் வேலை பர்மனென்ட் ஆனதும் இங்கே வந்தோம். டவுன்ஷிப்புக்கு வெளியே கடைத்தெருவில் ஒரு மாடி அறையைப் பிடித்து டிசைன் கடை போட்டேன். முதலில் வந்த பெரிய வாடிக்கையாளர் ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தை நடத்துபவர். மூன்று அறை, இரண்டு ஆசிரியர், ஒரு ஏசி. ஏசி டைரக்டர் அறையில் இருந்தது. டைரக்டர் அவர்தான்.

அட்மிஷனுக்காக ஒரு பெரிய ஃப்ளெக்ஸும் ஒரு நிமிட வீடியோவும் வேண்டும் என்றார். அதற்குமுன் வேறு யாரோ பாதி செய்து வைத்திருந்ததைப் பென் டிரைவில் கொடுத்தார். பழக்கதோஷம், திறந்ததும் நோண்ட ஆரம்பித்தேன்.

தலைப்பு எழுத்து இணையத்தில் இலவசமாக இறக்கியது. கூடவே வந்த சிறிய குறிப்பில் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. பயிற்சி மைய விளம்பரம் சொந்த உபயோகம் ஆகாது. வீடியோவில் ஒரு சினிமாப் பாட்டு முழங்கியது.

"இந்தப் பாட்டைப் போடக்கூடாதுங்க சார். உரிமை மியூசிக் கம்பெனிகிட்ட இருக்கும்."

"ஊரே ரீல்ஸ்ல போடுது மேடம்?"

"அது அவங்கவங்க சொந்தக் கணக்குங்க. வியாபாரக் கணக்குல விளம்பரத்துக்குப் போட அவங்க அனுமதி வேணும்."

அவர் சிரித்தார். "நெய்வேலிக்கு எவன் மேடம் பஸ் ஏறி வந்து கேக்கப் போறான்?"

நான் விடவில்லை. எழுத்துருவை, யாரும் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமம் உள்ள ஒன்றாக மாற்றினேன். இசைக்கு ஒரு தளத்தைக் காட்டினேன். அதில் 'ராயல்டி ஃப்ரீ' என்றிருந்ததைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஃப்ரீன்னே போட்டிருக்கான். அப்புறம் எதுக்கு மேடம் கார்டு நம்பர் கேக்குறான்?"

ஒருமுறை உரிமம் வாங்கினால் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் தனித்தனியாகக் கட்ட வேண்டாம், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம், இலவசம் என்று இல்லை என்றேன். பெரிய மோசடி ஒன்றைக் கண்டுபிடித்தவர் போலத் தலையாட்டினார்.

மிச்சமிருந்தது படம். ஒரு பெண்பிள்ளை மரக்கிளையில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாள். இலைகளுக்கு நடுவே வந்த வெயில் சரியாகப் பக்கத்தின் மேல் விழுகிறது. அருமையான படம்.

"இது யார் எடுத்தது சார்?"

"நம்ம சென்டர் பொண்ணுதான் மேடம். நாங்களே எடுத்தோம்."

சென்னையில் என்றால் எடுத்தவரிடமிருந்து ஒரு கடிதம், படத்தில் இருப்பவரிடமிருந்து ஒரு கடிதம், சிறுமி என்பதால் பெற்றோர் கையெழுத்து, மூன்றும் வராமல் நகர்ந்திருக்க மாட்டேன். இங்கே முதல் பெரிய வேலை. அவர் நெற்றியில் திருநீறு வேறு இருந்தது. நம்பினேன். ஓர் எழுத்தின் உரிமத்துக்காக ஒரு மணி நேரம் வாதாடியவள், ஒரு குழந்தையின் முகத்துக்கு ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். அவள் உட்கார்ந்திருந்தது முந்திரி மரம். அந்த மையத்தில் ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது.

'எங்கள் மாணவி! நாளைய மருத்துவர்!' என்று ஃப்ளெக்ஸ் பஸ் ஸ்டாண்டு எதிரே நின்றது.

நான்காம் நாள் பிற்பகல், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்த நேரத்தில், சீருடையோடு ஒருவர் என் கடைப்படி ஏறி வந்தார். மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஃப்ளெக்ஸின் அடியில் இருந்த என் கடைப்பெயரைப் பார்த்து வந்திருக்கிறார்.

"அந்தப் போட்டோ நான் எடுத்ததும்மா. அதுல இருக்கறது என் பொண்ணு."

செல்போனை நீட்டினார். அதே படம், ஓரத்தில் அவருடைய பெயரோடு. ஃப்ளெக்ஸில் அந்த ஓரம் வெட்டப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் எடுத்ததும் பின்னால் எடுத்ததும்கூட இருந்தன. பின்னதில் அந்தப் பெண் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள்.

"முத்தாண்டிக்குப்பத்துல எங்க வூட்டுக்குப் பின்னால எடுத்தது. லீவு நாள்ல எதையாவது எடுத்துகினு இருப்பேன், ஃபேஸ்புக்ல போடுவேன். கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்குதும்மா அது. அந்த சென்டர் வாசப்படிகூட மிதிச்சதில்ல. 'எங்ககிட்ட சொல்லாம எப்படி சேர்ந்தே'ன்னு டீச்சரு கேக்குறாங்களாம். அழுதுகினு வருது."

எனக்குக் காது சுட்டது. அவரையும் அழைத்துக்கொண்டு பயிற்சி மையத்துக்குப் போனேன். வந்து கேட்க ஆள் வந்துவிட்டது. பஸ் ஏறிக்கூட இல்லை, டி.வி.எஸ். வண்டியில்.

டைரக்டர் அசரவில்லை. "கூகுள்ல கெடந்துச்சுங்க. பப்ளிக்கா போட்டா பப்ளிக்குதானே?"

"கடைத்தெருவுல நிறுத்தின வண்டியும் பப்ளிக்காதான் நிக்குது சார். ஓட்டிட்டுப் போயிடுவீங்களா?" என்றேன். "எடுத்தவருக்குத்தான் உரிமை. அதுவுமில்லாம அந்தப் பொண்ணை உங்க மாணவின்னு எழுதினது பச்சைப் பொய்."

அவர் குரலை இறக்கி, வந்தவர் பக்கம் திரும்பினார். "சரி, விடுங்க. உங்க பொண்ணுக்கு ஃப்ரீ சீட் தரேன். உண்மையிலேயே எங்க மாணவி ஆயிடும். பிரச்சினை தீந்துச்சு."

திருட்டுப் பொருளுக்கு ஏற்ற மாதிரி உண்மையைத் தயாரித்துத் தரும் இந்த யோசனையை நான் சென்னையில்கூடக் கேட்டதில்லை.

வந்தவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். "வேணாங்க. அது உங்ககிட்ட வராமயேதான் நல்லா படிக்குது. படத்த எறக்குங்க. அது உங்க ஸ்டூடன்ட் இல்லன்னு எழுதி ஸ்கூல்ல குடுங்க. அது போதும்."

எழுதுவதற்கு டைரக்டர் மிகவும் கஷ்டப்பட்டார். 'தவறு' என்று எழுதாமல் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினார். அடித்துவிட்டு வேறு தாளில் எழுத வைத்தேன். அன்று மாலையே ஃப்ளெக்ஸ் இறங்கியது. நான் மறுநாள் முத்தாண்டிக்குப்பம் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கு மரம் பாத்தே தெரியலியா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

புது ஃப்ளெக்ஸுக்கு ஒரு தளத்தில் உரிமம் வாங்கிப் படம் போட்டேன். அந்த மாடலை நிஜ மாணவி என்று சொல்ல உரிமத்தில் இடமில்லை. அதனால் 'மாதிரிப் படம்' என்று கீழே போட்டேன். எழுத்தை இன்னும் சின்னதாக்க முடியுமா என்று டைரக்டர் மூன்று முறை போன் செய்தார்.

அடுத்த மாதம் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். சேத்தியாத்தோப்பில் இன்னொரு பயிற்சி மையம் அந்த ஃப்ளெக்ஸை அப்படியே காப்பியடித்துவிட்டதாம். நிறம், வாசகம், 'மாதிரிப் படம்' உட்பட.

"திருட்டுப் பசங்க மேடம்! அடுத்தவன் உழைப்பு! நோட்டீஸ் அனுப்பணும். நம்ம காப்பிரைட் என்ன ஆவறது?"

"நம்மளுது இல்லீங்க சார். நான் உங்க சம்பள ஆள் இல்ல, டிசைன் உரிமையை உங்களுக்கு எழுதியும் குடுக்கல. காப்பிரைட் என்னுது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்ப மேடம் இப்படி ஒரு சட்டம் போட்டாங்க?" என்றார்.