காலாவதிக்கு முன்பே கொடுத்த கடிதம்

ஒப்பந்தத்தின் பத்தொன்பதாவது பிரிவு சொல்வது இதுதான். வேலை தொடங்கக் கொடுத்த முன்பணம் முழுவதையும் பில்களில் பிடித்து முடிக்கும்வரை, அதற்கான வங்கி உத்தரவாதம் நடப்பில் இருக்க வேண்டும். உத்தரவாதம் முடிவதற்குள் பிடித்து முடியாது என்றால், காலாவதிக்கு இருபத்தெட்டு நாள் முன்பே ஒப்பந்தக்காரர் அதை நீட்டித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால், மீதியை வேலை கொடுத்தவர் வங்கியிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வங்கி காரணம் கேட்க முடியாது.

இந்த மாதிரிப் பிரிவுகளை வைத்துத்தான் வங்கியில் முப்பத்தாறு வருடம் சோறு சாப்பிட்டேன். அதில் கடைசிப் பதினோரு வருடம் கிளை மேலாளர். ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்தபின், பக்கத்துத் தெரு ஒப்பந்தக்காரருக்குக் கடிதங்கள் எழுதிக் கொடுத்து வந்தேன். அவர் வளைகுடாவில் பதினைந்து வருடம் குழாய் வேலை பார்த்துவிட்டு வந்தவர். குழாய் எங்கே ஒழுகும் என்பது மண்ணைப் பார்த்தே தெரியும். கடிதம் எழுத உட்கார்ந்தால் மட்டும் வியர்க்கும். நான் கூலி வாங்குவதில்லை. மரியாதைதான் கூலி என்று நினைத்திருந்தேன்.

ஒரு பேரூராட்சிக்குக் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. நெடுஞ்சாலையை வெட்ட அனுமதி கிடைக்க நான்கு மாதமானது. வேலை தள்ளிப் போனது. பில் தள்ளிப் போனது. முன்பணத்தைப் பிடிப்பதும் தள்ளிப் போனது. பேரூராட்சி நியாயமாகவே நடந்துகொண்டது. வேலைக்குக் கூடுதல் காலம் கொடுத்தார்கள். உத்தரவாதத்தையும் அதற்கேற்ப நீட்டித்துத் தாருங்கள் என்று பொறியாளர் எழுத்தில் கேட்டார். உத்தரவாதம் ஜூலை பதினைந்தில் முடிகிறது.

வங்கிக்கு எழுதவேண்டிய கடிதத்தை நானே எழுதினேன். உத்தரவாத எண், முடியும் தேதி, பில்களில் பிடித்தது போக நிற்கும் மீதி, இன்ன தேதிவரை நீட்டிக்க வேண்டும் என்ற கோரிக்கை, கமிஷனைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதம். இணைப்பாகப் பொறியாளரின் கடிதம், நீட்டிப்புக்கான திருத்தப் பத்திரம் அடிக்க முத்திரைத்தாள். இதைவிடச் சுத்தமான கடிதத்தை அந்தக் கிளை அந்த வருடம் பார்த்திருக்காது என்று இன்றும் சொல்வேன். கடிதத்தின் தேதி ஜூன் மூன்று.

தென்காசியில் அந்தக் கிளையின் மேலாளர் என் நண்பர். ஆலங்குளத்தில் நாங்கள் இருவரும் எழுத்தர்களாக இருந்தபோது ஒரே அறையில் குடியிருந்தோம். என்னைவிட நான்கு வயது இளையவர். அவர் கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல்காரர் ஓடிப்போனபோது, செங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் வேறொருவரைக் கூட்டிவந்தது நான். சீசன் சமயத்தில் இருவரும் காலையில் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருவது வழக்கம். ஆகவே ஜூன் நான்காம் தேதி காலை, நான் கிளைக்குப் போகவில்லை. ஐந்தருவிக்குப் போனேன்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. குளித்து வந்து அவர் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன்.

"இது அவசரம். ஜூலை பதினஞ்சு. அதுக்கு முந்தியே திருத்தம் போயிரணும்."

"என் கை ஈரமா இருக்கு அண்ணாச்சி, நீங்களே அந்தப் பையில வச்சிருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

பையில் வைத்தேன். பிறகு கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினோம்.

நான் மேலாளராக இருந்த கிளையில் எவர் எந்தக் கடிதம் கொடுத்தாலும் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு போகச் சொல்வது என் வழக்கம். வாங்காமல் போனவர்களை வாசலிலிருந்து திருப்பிக் கூப்பிட்டிருக்கிறேன். அன்று நகல் என் சட்டைப் பையிலேயே இருந்தது. சாரலில் நனைந்து மடிப்பில் ஒட்டிக்கொண்டது. ஈரத்துண்டோடு நிற்கும் நண்பனிடம் சீல் கேட்பதா? அவமரியாதை என்று தோன்றியது. நடைமுறை தெரிந்தவன் செய்யும் தப்பு இதுதான். மற்றவர்களுக்கு இதைச் செய்யும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஜூன் நடுவில் ஒருமுறை கேட்டேன். "ஆயிட்டு இருக்கு அண்ணாச்சி" என்றார். ஜூன் கடைசியில் கேட்டேன். "ரீஜனல் ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்" என்றார். பொறியாளர் ஒப்பந்தக்காரருக்கு இரண்டு முறை போன் செய்தார். ஒப்பந்தக்காரர் என்னிடம் வந்தார்.

"சார்வாள், பேங்க்ல நானே ஒரு நடை போயிட்டு வரட்டா?"

"நீரு போனா வேலை கெட்டுப்போகும். அது நம்ம ஆளு. ஆயிரும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலைப் பின்னால் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை பதினான்கு மாலை, நீட்டிப்பு வராததால் மீதித் தொகையைச் செலுத்தும்படி பேரூராட்சி வங்கிக்கு எழுதியது. அவர்கள் மேல் குற்றமில்லை. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் அவர்கள் கையில் இருப்பது வெறும் காகிதம். மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரரின் போனில் குறுஞ்செய்தி வந்தது. கணக்கிலிருந்து அந்த மீதித் தொகை முழுவதும் போயிருந்தது.

முன்பணம் அடைந்துவிட்டது, இனி பில்களில் பிடிக்க மாட்டார்கள், கணக்குப்படி நஷ்டமில்லை. பாடப்புத்தகம் இப்படித்தான் சொல்லும். ஆனால் பணம் போன வங்கிக் கணக்கு அவர் குழாய் வாங்கும் கணக்கு. அது வங்கி கொடுத்த கடன் வரம்பைத் தாண்டிப் போனது. வேலை பாதித் தெருவில் நின்றது. புதிய உத்தரவாதம் கிடையாது என்றால் புதிய டெண்டரும் கிடையாது. ஈடாக வைத்திருந்த வீட்டுப் பத்திரத்தைப் பற்றி அவர் மனைவி என் மனைவியிடம் கேட்டாராம். தொழிலில் 'உத்தரவாதம் பணமாக்கப்பட்டவர்' என்ற பெயர், கடை வீதியில் கையும் களவுமாகப் பிடிபட்டவர் பெயரைப் போல.

நான் கிளைக்குப் போனேன். நண்பர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். எழுந்திருக்கவில்லை.

"லெட்டர் எதுவும் இன்வர்டு ரிஜிஸ்டர்ல இல்லையே அண்ணாச்சி."

"இன்வர்டுல எப்படி இருக்கும்? நீ துண்டைப் பிழிஞ்சிட்டு இருக்கப்போ உன் பையில வச்சேன்."

"பையில வைக்கதெல்லாம் எப்படி ரெகார்டு ஆகும்? நீங்க பாக்காத ரூலா?" மேசையிலிருந்த குண்டூசிப் பெட்டியைத் திறந்து மூடினார். "கஸ்டமர் நீட்டிப்புக் கேக்கலன்னு நான் மேல எழுதியாச்சு. இனிமே அதை மாத்த முடியாது."

"மாத்த முடியாதா, மாத்த மாட்டியா?"

எழுத்தர் ஒருவர் உள்ளே வந்து, அந்த ஒப்பந்தக்காரரின் கோப்பைக் கேட்டார். நண்பர் தலையசைக்க, அலமாரியிலிருந்து எடுத்துப் போனார். போகும்போது கோப்பின் மேல் ஒரு மஞ்சள் சீட்டு தெரிந்தது: 'வரம்பு புதுப்பித்தல் நிலுவை – மார்ச்'.

அப்போதுதான் புரிந்தது. ஒப்பந்தக்காரரின் வரம்பை மார்ச்சில் புதுப்பித்திருக்க வேண்டும். அதற்கான வரவுசெலவுக் கணக்குகளை ஒப்பந்தக்காரர் பிப்ரவரியிலேயே கொடுத்துவிட்டார். கொடுத்த நாளில் நானும் கூட இருந்தேன். என் நண்பர்தான் மேலே அனுப்பவில்லை. வரம்பு முடிந்த கணக்கில் உத்தரவாதத்தை நீட்டிக்க வட்டார அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால், மார்ச்சில் ஏன் அனுப்பவில்லை என்று திருப்பிக் கேட்பார்கள். இவர் நவம்பரில் ஓய்வு பெறுகிறார். ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கையில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் ஓய்வுப் பணமே நின்றுபோகலாம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை அவருக்கு ஆலங்குளத்து அறையில் பாய் மேல் படுத்துக்கொண்டு விரிவாகச் சொன்னவனே நான்தான்.

எழுந்து வந்தேன். வீட்டில் மனைவி கேட்டாள்: "ஊருக்கெல்லாம் சீல் வாங்கு, சீல் வாங்குன்னு சொல்லுதிய. ஒங்க கையில இருந்ததுக்கு வாங்கத் தெரியலையா?"

ஒப்பந்தக்காரர் எதுவும் கேட்கவில்லை. அதுதான் மோசம். தெருவில் பார்த்தால் சலாம் சொல்லிவிட்டு நேராகப் போனார். நான் கடிதத்தைக் கொடுக்கவே இல்லை, மறந்துவிட்டு மேலாளரைச் சொல்கிறேன் என்று அவர் நினைப்பது தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். மேலாளர் சொல்வதற்குப் பதிவேடு இருக்கிறது. நான் சொல்வதற்கு அருவி இருக்கிறது.

வட்டார அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதி, கையெழுத்துக்காக அவர் வீட்டுக்குப் போனேன். 'காலாவதிக்கு முன்பே கிளை மேலாளரிடம் நீட்டிப்புக் கோரிக்கை நேரில் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தேன். கடிதத்தின் தேதியை எழுதவில்லை, நகலையும் இணைக்கவில்லை. சீல் இல்லாத நகல், நேற்று அடித்தது என்று சொல்லவே உதவும். நிரூபிக்க முடியாத தேதியை மனுவில் போடக்கூடாது என்பது என் பழைய பாடம்.

அவர் நின்றபடியே படித்தார். கையெழுத்துப் போட்டார்.

"இதுக்காவது சீல் வாங்கிருங்க சார்வாள்."

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அட்டை ஒரு வாரத்தில் வந்தது. பதில் வரவில்லை. ஆகஸ்ட் போனது. அருவியில் தண்ணீர் குறைந்தது, கூட்டமும் குறைந்தது. நான் குற்றாலத்துக்குப் போகவில்லை. நண்பர் தனியாகப் போய்வருவதாகச் சிப்ஸ் கடைக்காரர் சொன்னார். என்ன அண்ணாச்சி, சண்டையா என்றும் கேட்டார்.

பிறகு ஒரு காலை ஒப்பந்தக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் பிரித்த உறை.

"பதில் வந்திருக்கு. முடியாதுன்னுதான் போட்டிருக்கான்னு நினைக்கேன். நீங்க ஒருக்கா பாருங்க."

முடியாது என்றுதான் போட்டிருந்தது. உத்தரவாதத் தொகை செலுத்தப்பட்டுவிட்டதால் அது முடிவுற்றது, நீட்டிப்புக்கு வழியில்லை. கீழே வழக்கமான வருத்தம். ஆனால் கடிதத்தை மேலிருந்து படிப்பது என் பழக்கம். 'பார்வை' என்ற இடத்தில் இரண்டு வரிகள் இருந்தன. இரண்டாவது, எங்கள் புகார். முதலாவது: 'உத்தரவாத நீட்டிப்புக் கோரும் தங்களது ஜூன் 3 தேதியிட்ட கடிதம்.'

அந்தத் தேதி எங்கள் புகாரில் இல்லை. என் நகலைத் தவிர, அது இருந்தது அருவியில் நான் பையில் வைத்த தாளில் மட்டும். அந்தத் தாள் கிளைக் கோப்பில் இருந்திருக்கிறது. யாரோ ஒரு எழுத்தர், யாரும் சொல்லாமலே, கோப்பை முழுசாக மேலே அனுப்பியிருக்கிறார்.

அந்த வரியை அவருக்குக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ அவரு கையில இருந்திருக்கு."

"இருந்திருக்கு."

"கையில வச்சிக்கிட்டே இல்லைன்னு சொல்லியிருக்காரு." கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "ஒங்க கூட்டாளியாச்சே சார்வாள்."

"ஆமா."

"இனிமே என்ன செய்ய?"

வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், இந்த வரி போதும் என்றேன். கோப்பில் கடிதம் இருக்கும்போது, கோரிக்கையே வரவில்லை என்று மேலாளர் மேலே எழுதியதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும். நவம்பருக்கு முன்பே சொல்ல வேண்டியிருக்கும். இதைச் சொல்லும்போது மகிழ்ச்சியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். பேனாவை எடுத்து, கடிதத்தின் வலது மேல் மூலையில், வந்து சேர்ந்த தேதியை எழுதிக் கையெழுத்திட்டேன். செப்டம்பர் 9.