மூன்றாவது ஆளின் ஆறரை மணித்தியாலம்

தீவுப் பகுதியில் ஒரு தபால் கந்தோருக்கு நான் அதிபராக மாற்றலாகிப் போனேன். உள்ளே மூன்று கதிரைகள். ஆட்கள் நானும் ஒரு கிளாக்கரும் மட்டும். மூன்றாவது கிளாக்கர் காய்ச்சலில் இறந்து ஒரு வருடமாகியிருந்தது. சோதினை பாஸ் பண்ணியிருந்த அவருடைய மனைவி அந்த இடத்தைக் கேட்டு மனுப்போட்டிருந்தார். மூன்றாம் ஆளுக்கு வேலை உண்டென்று கணக்குக் காட்டினால் இடம் அவருக்கு, இல்லாவிட்டால் இடத்தையே எடுத்துவிடுவோம் என்று மேலிடம் எழுதியிருந்தது.

கணக்கென்றால் எனக்குக் கொள்ளை ஆசை. ஒரு கிழமை வந்த வேலை முழுவதையும் எண்ணினேன். சாதாரணக் கடிதம் பன்னிரண்டு பிரிக்க ஒரு நிமிடம். பதிவுத் தபால் ஒன்றுக்கு நாலு நிமிடம். தந்திக்குப் பத்து. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி, அறுபதால் வகுத்து, ஆறு நாளுக்குப் பங்கிட்டேன். நாளொன்றுக்குப் பத்தொன்பதரை மணித்தியால வேலை வந்தது.

இனி எங்கள் நேரம். ஆளுக்கு எட்டு மணித்தியாலம். சாப்பாட்டுக்கு ஒன்று போனால் ஏழு. லீவையும் சுகயீனத்தையும் சராசரியாகப் பார்த்து இன்னும் அரை மணித்தியாலம் கழித்தால் ஆறரை. இரண்டு பேருக்கும் பதின்மூன்று. தட்டுப்பாடு ஆறரை, சரியாக ஓர் ஆள்.

சந்தோசமாகப் பேனையை மூடியவன் மேசையைப் பார்த்துத் திகைத்துப்போனேன். தேங்கிய கடிதம் ஒன்றுமில்லை. எந்த நாளும் இருந்ததில்லை. அப்படியென்றால் அந்த ஆறரை மணித்தியாலத்தை ஒவ்வொரு நாளும் செய்தது யார்? பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். என்னுடையதும் கிளாக்கருடையதுமல்லாத மூன்றாவது கையெழுத்து ஒன்று நேற்றுவரை ஓடியிருந்தது. இறந்தவர் எழுதிய பழைய புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதே எழுத்து. பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிட்டது.

"என்ன காணும் இது?" என்று கிளாக்கர் மேல் பாய்ந்தேன்.

மனிதர் தலையைச் சொறிந்தார். "ஐயா கோவிக்கக் கூடாது. செத்தவரின்ரை மனிசிதான். நீங்கள் பஸ்சாலை வர முந்தி விடியவும், போன பிறகு பின்னேரத்திலையும் வந்து செய்யிறவ. நான்தான் கதவுத் திறப்புக் குடுத்தனான்."

வெளியாள் தபாலில் கை வைத்தால் மூன்று பேரும் கம்பி எண்ணவேண்டும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி முடிந்ததும் அவர் சொன்னார்.

"கடிதம் பிந்தினால் கந்தோருக்குக் கெட்ட பேர், இடத்தை எடுத்துப்போடுவினம் எண்டு நினைச்சனான். வேலை அவர் செய்த மாதிரியே நடக்கட்டும் எண்டுதான் எழுத்தையும் பழகினனான்."

"விசர்ப் பிள்ளை! வேலை தேங்கினால்தானே ஆள் தேவை எண்டு தெரியும்? நீர் முடிச்சு முடிச்சு உம்மடை இடத்தையே இல்லாமல் ஆக்கிறீர்."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பரிசோதகர் வருவதாக இருந்தது. அதுவரை இறுப்பிட்டியில் தன் தமக்கை வீட்டில் இருக்கும்படி அந்தப் பெண்ணை அனுப்பினேன். திறப்புகள் இரண்டையும் என் மடியில் முடிந்துகொண்டேன். நானும் கிளாக்கரும் எங்கள் பதின்மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்தோம். திங்கள் பின்னேரம் நாரந்தனை ஊருக்கான கடிதக் கட்டு பிரிக்கப்படாமல் கிடந்தது; பதிவுத் தபால் அரைவாசி மிச்சம். நல்லது என்று பூட்டிக்கொண்டு போனேன்.

செவ்வாய் காலை நானே திறந்தேன். மேசை வெறுமையாக இருந்தது. கட்டுகள் பிரித்து, முத்திரை குத்தி, தட்டுகளில் அடுக்கியிருந்தன. பதிவுப் புத்தகத்தில் அதே மூன்றாவது கையெழுத்து. கிளாக்கர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"உள்ளுக்கு வர ஏலாது ஐயா," என்றார்.

புதனும் அப்படி. வியாழனும் அப்படி. யன்னல்களை உள்ளே கொழுவி ஆணியும் அடித்துப் பார்த்தேன். சனிக்கிழமை பரிசோதகர் வந்து என் கணக்கை வாசித்தார், மேசையைப் பார்த்தார். "தேக்கம் ஒண்டுமில்லையே! ரண்டு பேருக்கே வேலை காணாது போலை கிடக்கு," என்று சிரித்தபடி எழுதிக்கொண்டு போனார். இடம் போய்விட்டது.

திங்களன்று அந்தப் பெண் வந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பதிவுப் புத்தகத்தை அவர் முன்னால் தள்ளினேன். அந்தக் கிழமைப் பக்கங்களின் பின்புறத்தை விரலால் தடவினார்.

"நான் அமத்தித்தான் எழுதுவன். பின்பக்கம் புடைச்சிருக்கும். இது வழுவழு எண்டு கிடக்கு," என்றார். பிறகு மூன்றாவது கதிரையைப் பார்த்து, எதிரில் இருப்பவரோடு பேசுவதுபோலச் சொன்னார். "எனக்காக ஒரு கடிதக் கட்டையாவது பிரிக்காமல் விட்டிருக்கலாம் நீங்கள்."