பெரிய ‘ற’

கல்யாணப் பத்திரிகை கையில் கிடைத்தால் நான் பெயர்களைப் படிக்கமாட்டேன். மூலையில் என்ன போட்டிருக்கிறது, யார் அழைக்கிறார்கள், நேரத்தை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் இதை வேலையற்ற வேலை என்பார். எங்கள் மகளுக்கு எருமப்பட்டிப் பக்கத்துக் கவுண்டர் வீட்டுப் பையனைப் பேசி முடித்தபோது அந்த வேலைதான் கைகொடுத்தது. நாங்கள் சேலத்துக் கத்தோலிக்கர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே பத்திரிகை என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

சேலத்தில் பத்திரிகைக் கடையில் உட்கார்ந்தோம். அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்தியம்மாவும் அவருடைய கொழுந்தனாரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டு நல்லது கெட்டது எல்லாம் சித்தப்பாதான். தங்கமான மனிதர், ஆனால் பிடித்த பிடி விடமாட்டார்.

முதல் சண்டை மூலையில் ஆரம்பித்தது. அவர்களுக்குப் பிள்ளையார் சுழியும் ‘குலதெய்வம் துணை’யும் வேண்டும். எங்களுக்குச் சிலுவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டு பேருக்குமே கண்ணை உறுத்தியது. நான்தான் சொன்னேன்: “புத்தகம் மாதிரி விரிக்கிற அட்டையா எடுப்போம். இடது பக்கம் உங்களுது, வலது பக்கம் எங்களுது. அவங்கவங்க பக்கத்துல அவங்கவங்க வழக்கம். அடுத்த பக்கத்துல யாரும் கை வைக்கக் கூடாது.” எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று போனது. எங்கள் மாதா கோவில் சாமியார் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி என்று குறித்துக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்தில் ‘காலை 9.30 மணிக்கு’. அவர்கள் பக்கத்தில் ‘காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’. ஏன் இந்த மேலும் உள்ளும் என்று கேட்டேன். “நல்ல நேரம்னா அது ஒரு புள்ளி இல்லீங்க, ஒரு தாவாரம் மாதிரி. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும், அதுக்குள்ள ஏறிக்கோணும்” என்றார் சித்தப்பா. அடடா, இத்தனை பத்திரிகை படித்தும் இது எனக்குத் தோன்றவில்லையே!

நான் ‘திருமணத் திருப்பலி’ என்று எழுதியிருந்ததைச் சாமியார் முன்பே அடித்துக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெறாதவர், அதனால் திருப்பலி என்ற முழுப் பூசை கிடையாது, ‘திருமண வழிபாடு’ என்றுதான் போட வேண்டுமாம். மனசு வலித்தது. தாலி கட்டுவதும் ஒரே தடவைதான், அது கோவிலில் என்றும் சொல்லிவிட்டார். அதனால் சித்தப்பாவும் தங்கள் பக்கத்தில், பிறகு மண்டபத்தில் நடப்பதற்கு ‘முகூர்த்தம்’ என்பதை விட்டுவிட்டு ‘சீர்களும் மங்கல வாழ்த்தும்’ என்று மாற்றிக்கொண்டார். ஆளுக்கொரு சொல்லை இழந்ததில் கணக்கு நேராகிவிட்டதாக நினைத்தேன்.

கடைக்காரர் மாதிரிப் பிரதி எடுத்து நீட்டினார். இரண்டு பக்கமும் பார்க்க ஒன்றுபோல் இருக்கட்டும் என்று அழைப்பவர் இடத்தை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். வலது பக்கம் என் வீட்டுக்காரர், நான். இடது பக்கம் சம்பந்தியம்மா, பிறகு சித்தப்பா, சித்தி.

சம்பந்தியம்மா தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை.

“இதுல பெரிய ‘ற’ வருமுங்க. சின்ன ‘ர’ போட்டிருக்குது.”

தன் பெயரைத்தான் சொன்னார். கடைக்காரர் திருத்தக் கை நீட்டுவதற்குள் சித்தப்பா தாளை வாங்கிப் பார்த்து, அந்தப் பெயரின்மேல் ஒரே கோடாக இழுத்தார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க. அண்ணன் தவறினதுக்கப்புறம் நங்கை பேருல அழைக்கறது எங்க வழக்கத்துல இல்லீங்க. நல்ல காரியம் பாருங்க.” அண்ணியை அந்தப் பக்கத்தில் நங்கை என்பார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பெத்தவங்க உயிரோட இருக்காங்க. அவங்க கூப்பிடாம வேற யாரு கூப்பிடுவாங்க? என் கல்யாணத்துக்கு எங்கம்மா ஒத்தையாதான் எல்லாரையும் அழைச்சாங்க!”

“நீங்கதானுங்களே சொன்னீங்க, அடுத்த பக்கத்துல கை வைக்கக் கூடாதுன்னு.”

நான் போட்ட விதி என் கழுத்தையே பிடித்தது. சம்பந்தியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “உடுங்க சம்பந்திம்மா. பையன் நல்லா இருந்தாச் செரி” என்றார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

நல்லவேளை, உடனே அச்சுக்குப் போகவில்லை. கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, பிஷப் இல்லத்து அனுமதிக் கடிதமும் வந்த பிறகு அடித்துக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொல்லியிருந்தார். ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. பூசை முடிவில் எல்லார் முன்னாலும் படிப்பார்கள். “என்ன படிப்பாங்க?” என்று சம்பந்தியம்மா கேட்டார். பையன் பெயர், பெண் பெயர், அவரவர் அப்பா அம்மா பெயர் என்றேன்.

“அம்மா பேருமுங்களா?”

“ஆமா, அம்மா பேரும்.”

முதல் ஞாயிறு காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார். கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் தலையில் முந்தானையோடு உட்கார்ந்தார். சாமியார் நாலு பெற்றோர் பெயரையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். தன் பெயர் வந்தபோது சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தார். அடுத்த வரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியது. வெளியே வந்தபோதும் விடவில்லை.

இரண்டாம் ஞாயிறும் வந்தார், அதே பிடி. மூன்றாம் ஞாயிறு சித்தப்பாவையும் கூட்டி வந்தார். ஓலை முடிந்து வாசலில் நின்றபோது என்னால் அடக்க முடியவில்லை. “பேரைக் கேட்டா சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தா, ஏன் கையை இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“பேரைப் படிச்சுப்போட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாச்சும் தெரிஞ்சாச் சொல்லோணும்னு கேக்கறாரில்லீங்க? என்ற பேருக்கப்புறம்தான் கேக்கறாரு. யாராச்சும் எந்திரிச்சு, தாலியறுத்த இவதான் தடைன்னு என்னையக் காட்டிருவாங்களோன்னு நடுங்கிப்போச்சுங்க.”

ஐயோ சாமி! அந்த வரி எல்லா ஓலையிலும் வரும். வேறு கல்யாணம் ஆகியிருக்கிறதா, நெருங்கிய உறவா என்று தெரிந்தவர்கள் சொல்வதற்காகக் கேட்பது. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எங்கள் காதில் விழாமலே போய்விட்ட வரி. அதைக் கேட்டு ஒருத்தி மூன்று வாரம் நடுங்கியிருக்கிறாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

விளக்கிச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் கொழுந்தனார் பக்கம் திரும்பிவிட்டார்.

“மூணு வாரம் கேட்டாங்க தம்பி. இத்தனை சனத்துல ஒருத்தரும் எந்திரிக்கல.”

சித்தப்பா கோவில் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த மாதிரிப் பிரதியை எடுத்தார். பேனா கேட்டார், கொடுத்தேன். மதில் சுவரில் தாளை வைத்து, தான் போட்ட கோட்டுக்கு மேலே எழுத ஆரம்பித்தார்.

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார்.

“பெரிய ‘ற’ தம்பி.”