றவூப் நானாவும் வராத கோடும்

றவூப் நானாவை, ஊர்ப் பாஷையில் றவூப் அண்ணனை, நாற்காலியில் இருத்துவது பெரிய பாடு. ஏறாவூரில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு அவர் வந்தால், இருக்கச் சொன்ன இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நிற்பார். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவார், சுவர்க் கலண்டரில் மாதத்தைப் புரட்டுவார், வெளியே போய் யாருடைய லொறியையாவது சரியாகப் பின்னெடுக்க வைத்துவிட்டு வருவார். கட்டார் நாட்டில் தண்ணீர் பவுசர், அதாவது தாங்கி லொறி, ஓட்டிய மனிதர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் கல் மாதிரி இருப்பாராம். அதை அவருடைய மனைவி நஸ்ஹா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த முறை பெருநாள் முடிந்த கையோடு வந்தார். தண்ணீர் பவுசரை விட்டு எண்ணெய் பவுசருக்கு மாறுகிறார். புதுக் கம்பனி. எண்ணெய் ஏற்றும் சாரதி என்பதால் போதைப்பொருள் பரிசோதனை இல்லாமல் எடுக்க மாட்டார்கள். நான் அவருக்கு முன்னாலேயே சிறுநீரை இரண்டு போத்தலாகப் பிரித்தேன். ஒன்று பரிசோதனைக்கு. மற்றதை அவர் கையெழுத்துப் போட்ட முத்திரையால் மூடி, குளிரூட்டிக்குள் வைத்தேன்.

"என்னத்துக்கு மிஸ் ரெண்டு போத்தல்? ஒண்டுலயே பாத்து முடிங்களன்."

"உங்கட நன்மைக்குத்தான் நானா. கொஞ்சம் இருங்க."

இருக்கவில்லை. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அட்டையில் ஐந்து பட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு வகைப் போதைப்பொருளுக்கு. நான்கு பட்டிகளில் இரண்டிரண்டு கோடுகள் வந்திருந்தன. ஒன்றில் மட்டும் ஒரே கோடு.

"யா அல்லாஹ்! நாலு பொசிட்டிவா?" என்று கத்திவிட்டார். "கொரோனாவுக்கு ரெண்டு கோடு வந்தாத்தானே வருத்தம்? இந்த ஒண்டு மட்டுந்தான் நல்லமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பட்டியில் கணக்குத் தலைகீழ். அட்டை வேலை செய்கிறது என்று காட்ட ஒரு கோடு எப்படியும் விழும்; இரண்டாவது கோடு வரவேண்டிய இடத்தில் போதைப்பொருளை முன்கூட்டியே ஒட்டி வைத்திருப்பார்கள். நிறம் பூசிய பிறபொருளெதிரிகள், அதாவது அன்டிபொடிகள், சிறுநீரோடு ஓடிவரும். சிறுநீர் சுத்தமாக இருந்தால் அவை அந்த இடத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும், கோடு விழும். சிறுநீரிலேயே போதைப்பொருள் இருந்தால் வழியிலேயே அவற்றின் கை நிறைந்துவிடும், கோடு விழாது. அவர் பார்த்துப் பயந்த நான்கும் சுத்தம். அவர் நல்லதென்று நினைத்த அந்த ஒன்றுதான் பிழை. அது அபின் வகைக்கான பட்டி. மோர்பின், கோடீன், ஹெரோயின் எல்லாம் அதற்குள்தான் வரும்.

சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்தினார்.

"தூளா?" என்றார்.

ஏறாவூரில் ஹெரோயினுக்கு அதுதான் பெயர், அவருக்கு அந்தச் சொல்லைச் சொல்வதே பாவம். அவருடைய தம்பி றிஷாட் தூளில் விழுந்தவன். நகையை விற்றான், வீட்டு மோட்டரைக் கழற்றி விற்றான். றவூப் நானா ஒவ்வொரு லீவிலும் வந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சிகிச்சை நிலையங்களுக்கு அலைந்தார். இப்போதுதான் பையன் ஒரு கடையில் ஒழுங்காக நிற்கிறான். அந்த வீட்டிலிருந்து இன்னொரு பெயரா? உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு கணம் சந்தேகம் தட்டியது. தட்டியதே என்று என்மீது எனக்குக் கோபமும் வந்தது.

"திருப்பிப் போடுங்க மிஸ். வேற அட்டயில போடுங்க!"

போட்டேன். அதே கம்பனி அட்டை, அதே பதில்.

எங்கள் ஆய்வுகூட டொக்டர் ஸாதியா அவரை உள்ளே கூப்பிட்டார். சென்னையில் பிறந்து, அங்கேயே படித்து, ஏறாவூருக்குக் கலியாணம் முடித்து வந்தவர். வந்து அதிக காலமில்லை. கெட்டிக்காரி, நிதானமானவர். கதவு திறந்துதான் இருந்தது.

"பதறாதீங்க. சாப்பாட்டுல கசகசா சேர்த்தீங்களா?"

"ஓம் டொக்டர்! நோன்பு முழுக்கக் கசகசாதான். நேத்தும் குடிச்ச."

டொக்டரின் முகம் தெளிந்தது. வெளியே வந்து என்னிடம் ஆங்கிலத்தில் அபின் செடியின் விதை என்றார். கசகசாவோடு அதையும் சேர்த்தாராக்கும், இந்த ஊரில் அதை எங்கே தேடிப் பிடித்தார் என்று நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு டினுஷா," என்றார். "அந்த விதையில உண்மையாவே மோர்பின் இருக்கு. கொழும்புக்கு அனுப்பினாலும் மோர்பின் இருக்குன்னுதான் வரும். மெஷின் பொய் சொல்லாது. அனுப்பி என்ன பிரயோஜனம்? காரணத்தை எழுதிக் கொடுத்துடலாம்."

றவூப் நானாவுக்கு அந்த ஒரு வழியே போதும். காரணம் கிடைத்துவிட்டது, எழுதுங்கள், எழுதுங்கள் என்று மேசையைச் சுற்றினார். கொழும்பில் இருக்கும் வெளிநாட்டு வேலை முகவர் நிஸ்தாருக்குத் தொலைபேசி எடுத்து, சத்தத்தையும் எல்லோருக்கும் கேட்கத் திறந்துவிட்டார்.

"கசகசாவா?" நிஸ்தாரின் குரல் பாய்ந்தது. "உங்களுக்கு விசரா நானா? அங்க அந்தப் பேருள்ள சாமானைப் பேக்ல கொண்டுபோனாலே உள்ளுக்குத்தான். அதைத் தின்ன எண்டு கடிதம் தாறீங்களா? பேசாம அடுத்த கிழமை புதுச் சாம்பிள் ஒண்டு குடுங்க."

புதுச் சிறுநீர் சுத்தமாக வரலாம். ஆனால் அது இன்றைக்குப் பதில் சொல்லாது. தண்ணீர் குடித்துக் கழுவிவிட்டான் என்று யாரும் சொல்லலாம். இன்றைய சிறுநீரில் என்ன இருந்தது என்பதை இன்றைய போத்தல்தான் சொல்லவேண்டும். அதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கழிவறைக்குப் போய்விட்டார். வந்ததிலிருந்து எத்தனையோ தடவை போய்விட்டார். சும்மா இருக்க முடியாத மனிதர் என்பதால் அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

அதற்குள் நஸ்ஹா ஓட்டோவில் வந்து இறங்கினார். கணவர் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, சாட்சிக்குக் கசகசாப் போத்தலையே தூக்கி வந்திருந்தார்.

"இந்தா டொக்டர். இதுதான் சர்பத்துக்குப் போட்ட. எங்கட ஊட்ட ஒரு ஹறாமும் இல்ல."

டொக்டர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கறுப்பு விதைகள். தண்ணீரில் போட்டால் கண் மாதிரி ஊதுமே, பலூடாவிலும் மிதக்குமே, அதே விதை.

"இது கசகசா இல்லையே! இது சப்ஜா. துளசி மாதிரிச் செடியோட விதை."

"இதுதான் டொக்டர் எங்களுக்குக் கசகசா," என்றேன் நான்.

டொக்டர் ஸாதியா வாய்விட்டுச் சிரித்தார். "நான் சென்னைக் கசகசாவைக் கேட்டேன், இவர் ஏறாவூர்க் கசகசாவைச் சொல்லியிருக்கார்." பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "அப்படின்னா... இதுல மோர்பின் கிடையாதே. கோடு ஏன் வரல?"

றவூப் நானா வாசலில் நின்று இதைக் கேட்டார். கையில் இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. "வல்லாஹி மிஸ், நான் சிகரட்டும் குடிக்கிறல்ல," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மாத்திரை ஏதும் எடுத்துக்கிறீங்களா?" என்று டொக்டர் கேட்டார். இதே கேள்வியைக் காலையில் நானும் கேட்டிருந்தேன். இல்லை என்றார். இப்போதும் இல்லை என்றுதான் தலையாட்டினார்.

நஸ்ஹா வெடித்தார். "வெக்கப்பட்டது போதும்! அல்லாக்காகச் செல்லுங்க. செல்லாட்டி நான் செல்லுறன்."

அவர் சொல்லவில்லை, நஸ்ஹாதான் சொன்னார். நோன்பு முடிந்ததிலிருந்து சிறுநீர் போகும்போது எரிவு. அடிக்கடி போகவேண்டும். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு டொக்டரிடம் காட்டி மருந்து எடுத்திருக்கிறார். வருத்தக்காரன், நோயாளி என்று தெரிந்தால் மெடிக்கல் பரிசோதனையில் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். போதாததற்கு, எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோரும் பெண்கள். அந்த இடத்து வருத்தத்தைப் பொம்பிளைகளிடம் எப்படிச் சொல்வது? நஸ்ஹாவின் கைப்பையில் குளிசை மட்டையும் இருந்தது. லெவோபுளொக்சசின். இன்று விடியவும் ஒன்று விழுங்கியிருக்கிறார்.

டொக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். சில கம்பனி அட்டைகளில் இந்த வகை அன்டிபயட்டிக் அபின் பட்டியை ஏமாற்றும் என்பது தெரிந்த விடயம்.

"நஸ்ஹா, சந்தைக்குள்ள பின்னால இருந்து பார்த்து வேற ஆரையோ உங்கட மனிசன் எண்டு கூப்பிட்டிருக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம், ஒருக்கா. வெக்கமாப் போச்சி."

"அதுதான் நடந்திருக்கலாம். இந்தப் பட்டி ஆளை முழுசாப் பார்க்காது. ஒரு மூலை பொருந்தினாலும் பிடிச்சுக்கொள்ளும். குளிசையில அப்படி ஒரு மூலை இருக்கு."

"அப்ப நான் தப்பிட்டனா?" என்றார் றவூப் நானா.

"இன்னும் இல்ல. குளிசை ஏமாத்தியிருக்கலாம் எண்டுதான் எங்களால சொல்ல ஏலும். உள்ள மோர்பினும் இருந்ததா இல்லையா எண்டு இந்த அட்டைக்குத் தெரியாது. கொழும்பு மெஷினுக்குத்தான் தெரியும்."

முத்திரையிட்ட இரண்டாவது போத்தல் குளிர்ப்பெட்டியில் கொழும்புக்குப் போனது. அங்கே திணிவு நிறமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) என்றொரு கருவி. சிறுநீரில் கலந்திருப்பவற்றை முதலில் மெல்லிய குழாயொன்றினூடாக ஓடவிட்டுத் தனித்தனியே பிரிப்பார்கள். பிறகு அது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் மின்னேற்றம் கொடுத்துத் திணிவைப் பார்க்கும். அதோடும் விடாது. உடைத்து, உடைந்த துண்டுகளின் திணிவையும் பார்க்கும். மோர்பின் உடைகிற மாதிரி லெவோபுளொக்சசின் உடையாது. சாயலை வைத்து அதை ஏமாற்ற முடியாது. நிஸ்தாருக்கு டொக்டர் ஒரே வரிதான் எழுதினார்: முதற்கட்டப் பரிசோதனையின் முடிவு உறுதிப்படுத்தப்படவில்லை, காத்திருக்கவும்.

காத்திருக்க யாரால் முடியும்? றவூப் நானா தினமும் வந்தார். காலையில் வந்தார், நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். நான் என் ஊரான தன்னாமுனையில் பஸ் ஏறும்போது எதிர்ப்பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். "வந்திச்சா மிஸ்?" இல்லை என்றால் மறுபேச்சில்லாமல் போய்விடுவார். கோபக்காரர் கத்தினால் தாங்கலாம், இதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவர் பழுதாய்ப் போயிருந்த எங்கள் வாசல் கதவின் கொண்டியைத் திருத்திவிட்டுப் போனார்.

அதற்கிடையில் ஊர் தன் வேலையைப் பார்த்தது. தம்பி மட்டுமல்ல, மூத்தவனும்தான் என்று தேநீர்க்கடையில் பேசினார்களாம். றிஷாட் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். என்னால்தான் நானாவுக்கு இந்தப் பெயர் என்று அறைக்குள் கிடந்தான்.

பதில் வந்தது. மோர்பின் இல்லை. கோடீன் இல்லை. ஹெரோயினின் அடையாளம் இல்லை. நான் அதைச் சத்தமாக வாசித்தேன். றவூப் நானா முதன்முதலாக எங்கள் நாற்காலியில் இருந்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

புறப்படும் நாளில் வேலைக்கு வந்த நான் பஸ் தரிப்பிடத்தில் அவர்களைக் கண்டேன். நஸ்ஹாவும் றிஷாட்டும் வழியனுப்ப நின்றார்கள். றவூப் நானா பையைத் தரையில் வைத்துக் கிளறி, ஒரு சிறு பொதியை வெளியே எடுத்தார். நஸ்ஹா அன்போடு வைத்து, மேலே தமிழில் பெயரும் எழுதிய கசகசா.

"இத நீங்க வெச்சுக்கோங்க மிஸ். அபினுட வித்துக்கு அறபில கஷ்காஷ் எண்டுதான் பேரு. எயார்போட்டுல இது என்ன எண்டு கேட்டா, நான் எந்த வாயால கசகசா எண்டு செல்லுற?"

சிரித்தோம். பஸ் வந்தது. அந்தத் தேநீர்க்கடை வாசலில் நின்ற இரண்டு பேர் எங்களைப் பார்த்து ஏதோ காதுக்குள் பேசினார்கள். றிஷாட் தலையைக் குனிந்தான். றவூப் நானா தம்பியின் தோளை இறுக்கிப் பிடித்துவிட்டு, படியில் ஏறித் திரும்பினார்.

"மிஸ், கொழும்பில செல்லி அந்த மெஷின் ஒண்ட ஏறாவூருக்கும் எடுங்க," என்றார். "மூத்திரத்துக்கு இல்ல. சனத்துட வாய்க்கி."